ஈரச் சுவரும் காய்ந்த சுவரும்: பாத்ரூம் கிளீனிங் விளம்பரத்துக்கு மூன்று ஸ்கிரிப்ட்

மேடவாக்கம் பக்கம் பாத்ரூம் கிளீனிங் செய்யும் அண்ணன் தம்பி இரண்டு பேர் போன மாதம் ஒரு வீடியோவோடு வந்தார்கள். அவர்களே போனில் எடுத்தது. முதல் ஐந்து நொடி, வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்த கருநீல டைல்ஸ். ஒரு கட். அடுத்த ஐந்து நொடி அதே சுவர், கண்ணாடி மாதிரி மின்னுகிறது. கீழே போன் நம்பர்.

“இதுக்கு ஒரு நல்ல வாய்ஸ் ஓவர் மட்டும் எழுதிக் குடுங்கண்ணா, காசு கட்டி ஓட விட்டுடலாம்” என்றார் தம்பி.

“கடைசி ஷாட் எப்ப எடுத்தது?”

“தண்ணி ஊத்திக் கழுவின உடனே.”

“காஞ்சப்புறம் எடுக்கலையா?”

அண்ணன்காரர் சிரித்துவிட்டார். காய்ந்த பிறகு கீழ் இரண்டு வரிசை டைல்ஸில் லேசாக வெள்ளை திரும்பித் தெரிந்ததாம். இன்னொரு முறை மருந்து போட்டுத் தேய்த்துச் சரி செய்துவிட்டுத்தான் கிளம்பினார்களாம். வேலையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் வீடியோவில் இருப்பது வேலை முடிந்த சுவர் இல்லை, பாதி வேலையில் நனைந்து நிற்கும் சுவர். அந்த ஏரியாவில் போர் தண்ணீரோடு பத்து வருடம் மல்லுக்கட்டிய ஒரு அம்மா இதைப் பார்த்தால் ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடுவார். நனைந்தால் உப்புக்கறை தெரியாது என்பது அவருக்குத் தினமும் குளிக்கும்போது தெரிகிற சங்கதி.

இதை முதலில் புரிந்துகொண்டால்தான் எந்த ஸ்கிரிப்ட் என்று பேச முடியும். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, தண்ணீர் காய்ந்ததும் சுவரிலேயே தங்கிவிடுகிறது. தினம் தினம் படிந்து ஒரு மெல்லிய ஓடு மாதிரி ஆகிறது. அந்த ஓட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள் நிறைய. காய்ந்திருக்கும்போது அந்த இடுக்குகளில் காற்று இருக்கும், வெளிச்சம் பட்டுச் சிதறும், வெள்ளையாகத் தெரியும். தண்ணீர் ஊற்றினால் இடுக்கெல்லாம் தண்ணீர் புகுந்துவிடும், வெளிச்சம் சிதறாமல் அடியில் உள்ள டைல்ஸ் நிறம் அப்படியே தெரியும். அரிசி மாவைக் கரைத்துப் போடும் மாக்கோலம் போடும்போது மங்கலாக இருந்து, காயக் காய வெளுத்து வருகிறதே, அதே கதைதான்.

அதனால் உப்புக்கறைக்கு வேலையே செய்யாமல் ஒரு முன்–பின் விளம்பரம் எடுக்க முடியும். ஒரு குவளைத் தண்ணீர் போதும். நேர்மையாக வேலை செய்பவரும் கழுவிய கையோடு படம் எடுத்தால் அந்த ஏமாற்று வீடியோவும் இவருடையதும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பார்ப்பவருக்குப் பிரித்துச் சொல்ல வழி கிடையாது.

அந்தச் சகோதரர்களுக்கு நான் மூன்று விதமாக எழுதிக் கொடுத்தேன். எதை எடுப்பது என்று மூவரும் உட்கார்ந்து பேசினோம். அந்தப் பேச்சைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதல் ஸ்கிரிப்ட்: ஒரே கட், இரண்டு படம்

எல்லோரும் எடுப்பது இது. பதினைந்து நொடி. அவர்கள் கொண்டு வந்த வீடியோவின் சீர்செய்த வடிவம்:

காட்சி: உப்புப் படிந்த சுவர். குழாய்க்குக் கீழே வழிந்த வெள்ளைக் கோடுகள்.
குரல்: “எவ்வளவு தேய்ச்சாலும் இந்த உப்புக்கறை போகலையா?”
காட்சி: (கட்) அதே சுவர், சுத்தமாக, காய்ந்த நிலையில்.
குரல்: “மூணு மணி நேர வேலை. காஞ்சப்புறம் எடுத்த படம் இது.”
காட்சி: போன் நம்பர், ஏரியா பெயர்.

இதன் பலம் வேகம். விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் நின்று பார்ப்பது முதல் இரண்டு நொடியில் வரும் அசிங்கமான சுவரைத்தான். செலவும் குறைவு. தினமும் வேலைக்குப் போகிற இடத்தில் இரண்டு படம் எடுத்தால் போதும், எடிட் செய்ய ஒரு கால்மணி நேரம்.

பலவீனம் அந்த கட். கட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பது ஒரே சுவர்தான் என்பதற்குச் சாட்சி என்ன? நம்பவைக்கும் பொறுப்பு மொத்தமும் இரண்டு படங்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதில்தான் இருக்கிறது. ஆனால் போன் கேமரா நம் பேச்சைக் கேட்காது. கறைபடிந்த வெளிறிய சுவரைக் காட்டினால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து அதுவாகவே படத்தை இருட்டாக்கும். சுத்தமான கருநீலச் சுவரைக் காட்டினால் இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தை ஏற்றும். நாம் ஒன்றுமே செய்யாமல் ‘முன்’ அழுக்காகவும் ‘பின்’ பிரகாசமாகவும் வந்து விழும். பார்ப்பவர் ‘லைட் போட்டு எடுத்திருக்கான்’ என்பார். அவர் சொல்வதில் தப்பும் இல்லை.

இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. படத்துக்குள் மாறாத ஒரு பொருளை வையுங்கள். நாங்கள் வைத்தது ஒரு நீல பிளாஸ்டிக் மக். சுத்தம் செய்யும்போது எடுத்துவிட்டு, பிறகு அதே டைல்ஸ் மூலையில் திரும்ப வைத்தோம். இரண்டு படத்திலும் மக்கின் நீலம் ஒன்றாக இருந்தால் வெளிச்சம் மாறவில்லை என்று அர்த்தம். மாறியிருந்தால் ‘பின்’ படத்தைத் திரும்ப எடுக்க வேண்டியதுதான். போன் திரையில் மக் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும். தரையில் ட்ரைபாட் கால் நின்ற மூன்று இடத்திலும் சிறு டேப் ஒட்டிவிட்டால், மூன்று மணி நேரம் கழித்து அதே கோணம் கிடைக்கும். இவ்வளவும் செய்தால் முதல் ஸ்கிரிப்டே ஓரளவு தேறும். செய்யாவிட்டால் வாய்ஸ் ஓவரில் என்ன எழுதினாலும் காப்பாற்றாது.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிலர் ‘முன்’ படத்துக்காக அழுக்கைச் செயற்கையாகக் கூட்டுகிறார்கள். சுண்ணாம்புத் தண்ணீர் தெளிப்பார்கள், வெள்ளைச் சிமென்ட் தடவுவார்கள். இது எளிதில் மாட்டிக்கொள்ளும். நிஜ உப்புக்கறைக்கு ஒரு வழித்தடம் உண்டு. ஷவருக்கு எதிர்ச் சுவரில் தெறிப்புப் புள்ளிகளாக இருக்கும். குழாயடியில் கோடாக இறங்கும். வாளி வைக்கும் இடத்தைச் சுற்றி அரைவட்டம் இருக்கும். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை அடர்த்தி, மேலே போகப் போக ஒன்றுமே இருக்காது. பூசிய கறை சுவர் முழுக்கச் சமமாக இருக்கும். கூரையைத் தொடும் டைல்ஸ் வரைக்கும் உப்பு ஏறியிருந்தால், தண்ணீர் எப்படி அங்கே போனது என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள்.

ஒரு பழைய வழக்கு ஞாபகம் வருகிறது. 1959-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ராபிட் ஷேவ் என்ற ஷேவிங் கிரீமுக்கு ஒரு விளம்பரம் வந்தது. உப்புத்தாளில் கிரீமைத் தடவி, உடனே ரேசரால் ஒரு இழு. மணலெல்லாம் வழித்துக்கொண்டு வந்துவிடும். உண்மையில் அங்கே இருந்தது உப்புத்தாளே இல்லை, ஒரு பிளாஸ்டிக் தகட்டில் தூவிய மணல். நிஜ உப்புத்தாளையும் அந்தக் கிரீமால் சிரைக்க முடியும், ஆனால் சுமார் 80 நிமிடம் ஊற வேண்டும். நிஜத் தாள் டிவியில் வெறும் கலர் பேப்பர் மாதிரி தெரியும், அதனால்தான் பிளாஸ்டிக் வைத்தோம் என்று கம்பெனி வாதாடியது. 1965-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நேரில் பார்க்கும் சோதனை என்று காட்டிவிட்டு வேறொன்றைக் காட்டுவது ஏமாற்றுதான் என்றது.

நம் தொழிலுக்கு இதில் கவனிக்க வேண்டியது அந்த 80 நிமிடம். பாத்ரூம் வீடியோக்களிலும் பொய் அதிகம் ஒளிந்திருப்பது நேரத்தில்தான். ஸ்பிரே அடித்துத் துணியால் ஒரு இழு இழுத்ததும் கறை போவதாகக் காட்டும் ரீல் எல்லாமே உப்புத்தாள் விளம்பரத்தின் பேரப்பிள்ளைகள். நிஜத்தில் மருந்து போட்டுப் பத்து நிமிடம் ஊற வேண்டும், பிறகு நைலான் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், கழுவிக் காயவிட்டுப் பார்த்து, மிச்சம் இருந்தால் மறுபடியும் முதலிலிருந்து. தடித்த கறைக்கு மூன்று சுற்று சாதாரணம். அதனால்தான் ஸ்கிரிப்டில் ‘மூணு மணி நேர வேலை’ என்ற வரியை நான் பிடிவாதமாக வைத்தேன். தம்பிக்கு அது பிடிக்கவில்லை. “லேட்டா செய்வாங்கன்னு நினைப்பாங்கண்ணா” என்றார். அண்ணன்காரர் வேறு மாதிரி யோசித்தார்: “அரை மணி நேரத்துல முடியும்னு நெனச்சு கூப்பிட்டுட்டு, ஆபீஸ் கிளம்பணும் சீக்கிரம் முடிங்கன்னு நிக்கிறாங்கடா.” வரி அப்படியே இருந்தது.

இரண்டாவது ஸ்கிரிப்ட்: பாதிச் சுவர்

இதில் முன்னும் பின்னும் ஒரே படத்துக்குள் இருக்கும். சுவரில் மேலிருந்து கீழாக ஒரு மாஸ்கிங் டேப். இடப்பக்கம் தொடுவதில்லை, வலப்பக்கம் மட்டும் சுத்தம் செய்ய வேண்டும். கழுவி, துடைத்து, காயவிட்டு, பிறகு கேமரா முன்னால் டேப்பை உரிக்க வேண்டும். அந்த உரிக்கும் ஷாட் ஒன்றுதான் விளம்பரமே.

காட்சி: டேப் ஒட்டிய சுவர். பக்கத்தில் நீல மக். ஒரு கை டேப்பின் மேல் நுனியைப் பிடிக்கிறது.
குரல்: “இந்தச் சுவர்ல பாதிதான் செஞ்சிருக்கோம்.”
காட்சி: டேப் மெதுவாக உரிகிறது. நேர்கோடு தெரிகிறது. கட் இல்லை.
குரல்: “லெஃப்ட் சைடு நாங்க தொடல. ரைட் சைடு ரெண்டு தடவை மருந்து போட்டுத் தேய்ச்சது.”
காட்சி: கை காய்ந்த டைல்ஸ் மேல் இடமிருந்து வலமாகப் போகிறது. சொரசொரப்பில் கேட்கும் சத்தம் கோட்டைத் தாண்டியதும் நிற்கிறது.
குரல்: “தொட்டுப் பாத்தாலே தெரியும். சுவர் காஞ்சிருக்கு, பாருங்க.”
காட்சி: டிஷ்யூ பேப்பரைச் சுவரில் ஒற்றி எடுத்துக் காட்டுகிறார். ஈரம் இல்லை.
குரல்: “மீதிப் பாதியையும் முடிச்சுட்டுத்தான் கிளம்புவோம்.”

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த விரல் சத்தம். காய்ந்த உப்புக்கறையின் மேல் நகத்தை இழுத்தால் நறநறவென்று கேட்கும், சுத்தமான டைல்ஸில் வழுக்கிக்கொண்டு போகும். வெளிச்சத்தை வைத்து ஏமாற்றலாம், இந்தச் சத்தத்தை அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது. கடைசியில் வரும் டிஷ்யூ பேப்பருக்கும் அதே காரணம்தான். இந்த ஊர் ஆட்களுக்கு இருக்கும் முதல் சந்தேகத்தை அவர்கள் கேட்பதற்கு முன்பே தீர்த்துவிடுகிறது.

இரண்டு பாதியும் ஒரே ஃபிரேமில் இருப்பதால் போன் கேமரா வெளிச்சத்தை ஏற்றினாலும் இறக்கினாலும் இரண்டுக்கும் சேர்ந்தே நடக்கும். முதல் ஸ்கிரிப்டில் மக், டேப், ட்ரைபாட் என்று பட்ட பாடெல்லாம் இங்கே தானாகவே தீர்ந்துவிடுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது லைட் வரும் திசை மட்டும். ஜன்னல் வலப்பக்கம் இருந்தால் சுத்தம் செய்த பாதிக்கே வெளிச்சம் அதிகமாக விழும். அப்படி இருந்தால் பக்கத்தை மாற்றி, இருட்டான பாதியைச் சுத்தம் செய்யுங்கள். வெளிச்சம் குறைந்த பக்கம்தான் நன்றாகத் தெரிகிறது என்றால் யாரும் லைட் மேல் பழி போட மாட்டார்கள்.

கஷ்டங்களும் உண்டு. டேப் ஈரத்தில் நிற்காது, மருந்து அடியில் கசிந்து கோடு கோணலாகிவிடும். நாங்கள் முதல் முறை எடுத்தபோது அப்படித்தான் ஆனது. உரித்தபோது கடல் வரைபடம் மாதிரி ஒரு கோடு. இரண்டாவது முறை ஒரு வழி கிடைத்தது. டைல்ஸ் இடுக்குக் கோட்டையே எல்லையாக வைத்துக்கொண்டோம், மருந்தைப் பாட்டிலிலிருந்து அடிக்காமல் ஸ்பாஞ்சில் எடுத்துத் தடவினோம், வேலை முடிந்து காய்ந்த பிறகு புது டேப்பை ஒட்டி உரித்தோம். கடைசியில் சொன்னது ஒரு சின்ன நாடகம்தானே என்று எனக்கே உறுத்தியது. யோசித்துப் பார்த்தேன். டேப் கறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, கோடு எங்கே என்று காட்டுகிறது, அவ்வளவுதான். டேப்புக்கு இடப்பக்கம் தொடாத சுவர் என்பது உண்மை. வலப்பக்கம் செய்த வேலை உண்மை. ஆனால் ‘டேப்பை ஒட்டிட்டு சுத்தம் பண்ணோம்’ என்று குரலில் சொன்னால் அது பொய். அதனால் அந்த வரியை எடுத்துவிட்டு, ‘பாதிதான் செஞ்சிருக்கோம்’ என்று மட்டும் வைத்தோம். உண்மைக்கும் பொய்க்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு வரிதான்.

இன்னொரு கஷ்டம் வீட்டுக்காரர். பாதிச் சுவரோடு நிறுத்திவிட்டுப் படம் எடுக்கிறோம், கூட ஒரு மணி நேரம் ஆகும் என்றால் முகம் சுளிப்பார்கள். முன்கூட்டியே கேட்டு, அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாகக் கட்டணத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் சம்மதிக்கிறார்கள். படத்தில் துண்டு, மாத்திரை அட்டை, கண்ணாடியில் தெரியும் ஆள் என்று அந்த வீட்டு விஷயம் எதுவும் விழக்கூடாது. பாத்ரூம் கண்ணாடியை ஒரு துணியால் மூடிவிடுவது நல்லது.

மூன்றாவது ஸ்கிரிப்ட்: போகாத கறை

இது நாற்பத்தைந்து நொடி. இதைச் சொன்னதும் தம்பி எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

காட்சி: சுத்தம் செய்த சுவர், காய்ந்தது. கேமரா மெதுவாக நகர்கிறது.
குரல்: “சுவர்ல இருந்த உப்பு போயிடுச்சு. போகாதது மூணு இடம். அதையும் காட்டுறோம்.”
காட்சி: ஷவர் கண்ணாடித் தடுப்பில் மங்கலான புள்ளிகள்.
குரல்: “இது படிஞ்ச உப்பு இல்ல, கண்ணாடியே அரிச்சுப்போச்சு. மருந்து போட்டாலும் போகாது.”
காட்சி: குழாயில் பித்தளை நிறம் தெரியும் ஒரு இடம்.
குரல்: “இங்க குரோம் பூச்சே உரிஞ்சிருச்சு. உப்பு மறைச்சிட்டு இருந்துச்சு. இப்ப வெளிய தெரியுது.”
காட்சி: வாசலில் மார்பிள் படி.
குரல்: “இதுல நாங்க மருந்து படவே விடல. மார்பிள்ல ஆசிட் பட்டா கல்லு கரையும்.”

இதில் ஒவ்வொரு வரியும் கைவசம் வேலை தெரிந்தவர்தான் சொல்ல முடியும். மார்பிளை எடுத்துக்கொள்ளுங்கள். உப்புக்கறையும் மார்பிளும் அடிப்படையில் ஒரே சரக்கு, இரண்டும் கால்சியம் கார்பனேட். ஆசிட் பட்டால் இரண்டும் நுரைக்கும். சில விளம்பரங்களில் ‘நுரை வருது பாருங்க, அழுக்கு கரையுது’ என்று குளோசப்பில் காட்டுகிறார்கள். மார்பிள் தரையில் அந்த நுரை வந்தால் கரைவது தரை. சமையலறை மேடையில் இருக்கும் கடப்பா கல்லும் சுண்ணாம்புக் கல் வகைதான், அதுவும் அரிக்கும், பளபளப்புப் போய் வெளுக்கும். ஆகையால் நுரை ஷாட் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், அதை எந்தப் பரப்பில் எடுக்கிறோம் என்று சொல்லாமல் போடக்கூடாது என்பது என் கட்சி. வீடியோவைப் பார்த்துவிட்டு வீட்டில் யாராவது ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கொட்டினால் குளோரின் வாயு கிளம்பும், சிறிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. மருந்தைக் கலக்கும் காட்சியே எந்த ஸ்கிரிப்டிலும் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

குரோம் பூச்சு விஷயம் பணத்தோடு சம்பந்தப்பட்டது. சுத்தம் செய்த பிறகு குழாயில் உரிந்த இடம் தெரிந்தால் “நீங்கதான் ஆசிட் போட்டு உரிச்சிட்டீங்க” என்ற சண்டை வரும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும், ஏனென்றால் கடுமையான ஆசிட் குரோமை நிஜமாகவே கெடுக்கும். இந்தச் சகோதரர்களுக்கே ஒரு வீட்டில் அப்படி நடந்து, கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். வேலைக்கு முன்பே இந்த வீடியோவை அனுப்பியிருந்தால் அந்தப் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

ஆனால் விளம்பரமாக இது ஓடாது. முன்பின் தெரியாத ஆள் முதல்முறை பார்க்கும்போது ‘போகாது, போகாது, போகாது’ என்று மூன்று தடவை கேட்டால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். குறையைச் சொன்னால் நம்புவார்கள் என்பது உண்மைதான், ஆனால் அது ஏற்கனவே காதுகொடுத்துக் கேட்கிறவரிடம்தான் எடுபடும். தம்பி டீ குடிக்கப் போனதில் நியாயம் இருக்கிறது.

சொற்களின் கணக்கு

மூன்று ஸ்கிரிப்டுக்கும் பொதுவாக நான் அடித்துத் தள்ளிய சொற்கள் சில. ‘நூறு சதவீதம்’ போச்சு. ‘புத்தம் புதுசு போல’ போச்சு, பத்து வருட டைல்ஸ் இடுக்குச் சிமென்ட் எப்படித் தேய்த்தாலும் புதுசாகாது. ‘99.9 சதவீதக் கிருமிகள் நீங்கும்’ என்பதும் போச்சு. உப்பு போனது கண்ணுக்குத் தெரியும், கிருமி போனதை இவர்கள் எந்த லேபிலும் பார்த்ததில்லை. வேறு ஏதோ பாட்டிலின் லேபிளில் படித்த எண்ணைத் தன் வேலைக்குச் சொந்தமாக்கிக்கொள்வது இந்தத் தொழிலில் சகஜமாகிவிட்டது. ‘நிரந்தரத் தீர்வு’ என்பதுதான் இருப்பதிலேயே மோசம். அதே போர் தண்ணீர் நாளை காலையிலும் அதே சுவரில்தான் விழப்போகிறது.

கீழே சின்ன எழுத்தில் ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று போட்டுவிட்டால் போதாதா என்று கேட்டார்கள். போதாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள் சேவை தருகிறவர்களுக்கும் பொருந்தும். மேலே சொன்ன பெரிய வாக்குறுதியைக் கீழே பொறுப்புத் துறப்பால் மறுக்கவோ, அதைக்கொண்டு தவறான வாக்குறுதியைத் திருத்தவோ கூடாது என்று அதில் இருக்கிறது. வாக்குறுதி எந்த மொழியில் இருக்கிறதோ பொறுப்புத் துறப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும். தமிழில் ‘எல்லாக் கறையும் போகும்’ என்று பேசிவிட்டு ஆங்கிலத்தில் ஒரு எறும்பு வரி ஓடவிடும் வழக்கத்துக்கு அங்கேயே பதில் இருக்கிறது. ‘குழாயடி உப்புக்கறைக்கு’ என்று வாக்குறுதியையே சின்னதாக்கிவிட்டால் துறப்பதற்கு ஒன்றும் இருக்காது.

ரிப்பேர் வேலை செய்கிறவர்கள் இதே முறையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மொட்டைமாடி ஒழுகலை அடைக்கிறவர் பெயின்ட் அடித்த சீலிங்கைக் காய்ந்த நிலையில் காட்டினால் அது எதற்கும் சாட்சி இல்லை. அந்தப் பெயின்டே ஈரக்கறையை மறைத்துவிடும். சுவர்க் கறையைக் காயவிட்டுக் காட்ட வேண்டும் என்றால், ஒழுகலை நனைத்துத்தான் காட்ட வேண்டும். மாடியில் வடிகுழாயை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கி, மறுநாள் கீழே சீலிங்கையும் மேலே தேங்கிய தண்ணீரையும் ஒரே ஷாட்டில் படியேறிப் போய்க் காட்டினால் நம்பலாம். ஐப்பசி மழைக்குப் பிறகு அதே வீட்டுக்கு ஒரு நடை போய் எடுத்தால் இன்னும் நல்லது.

எதை எடுத்தோம்

காசு கட்டி ஓட்டும் விளம்பரத்துக்கு இரண்டாவது, பாதிச் சுவர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டேப் உரிவதைப் பார்க்க ஆளுக்கு ஆவல் இருக்கிறது, அதனால் முதல் ஸ்கிரிப்டின் வேகம் இதிலும் வந்துவிடுகிறது, கட் மேல் வரும் சந்தேகம் மட்டும் வருவதில்லை. ஒரு தடவை உட்கார்ந்து ஒழுங்காக எடுத்தால் ஆறு மாதம் ஓட்டலாம்.

முதல் ஸ்கிரிப்டைத் தினசரி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு வைத்துக்கொண்டார்கள். ஸ்டேட்டஸ் பார்ப்பவர்கள் ஏற்கனவே நம்பர் சேமித்து வைத்திருக்கும் ஆட்கள், அவர்களிடம் நிரூபிக்க வேண்டியது அதிகமில்லை. ஆனால் மக்கும் காய்ந்த சுவரும் கட்டாயம். கழுவிய பிறகு மேசை ஃபேன் வைத்து அரை மணி நேரம், மழைக்காலமாக இருந்தால் அதற்கு மேலும். நகத்தால் இழுத்துப் பார்த்து நறநறப்பு இல்லை என்றால்தான் படம்.

மூன்றாவதை விளம்பரமாகப் போடவில்லை. விலை கேட்டு மெசேஜ் வருகிறதே, அதற்குப் பதிலோடு அனுப்புகிறார்கள். விலை கேட்டவர் ஏற்கனவே பாதி மனது வைத்துவிட்டார். அவருக்கு இப்போது தேவை தன் வீட்டுக் கண்ணாடித் தடுப்பு சரியாகுமா, மார்பிள் படி என்ன ஆகும் என்ற பதில். இந்த வீடியோவுக்குப் பிறகு சிலர் பதிலே அனுப்புவதில்லை என்று தம்பி குறைப்பட்டுக்கொள்கிறார். கண்ணாடியைச் சரிசெய்யத்தான் கூப்பிட்டிருப்பார்கள் போல, போய் நின்றிருந்தால் பெட்ரோல் காசுகூட வந்திருக்காது என்பது அண்ணன்காரரின் பதில்.

போன வாரம் பேசும்போது ஒன்று சொன்னார்கள். பள்ளிக்கரணையில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிறார்கள். கதவைத் திறந்த அம்மா நேராகப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போய், “அந்த டேப் ஒட்டுறீங்களே, அதை இங்கயும் ஒட்டுங்க தம்பி, எம்பொண்ணு வந்து பாக்கணும்” என்றாராம். பையில் டேப் இல்லை. கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்து ஒட்டியிருக்கிறார்கள்.